சென்னின் 'கேப்பபிலிட்டி'க்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மீனாட்சி: பொருளியல் பாடநூலில் அமர்த்தியா சென் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒருவரால் உண்மையில் என்னென்ன செய்ய முடியும் என்பதைத்தான் அவர் 'கேப்பபிலிட்டி' என்கிறார். அதற்குத் 'திறன்' என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் "இது ஸ்கில் ஆச்சே" என்று வட்டமிட்டுவிட்டார்.

சிவநேசன்: இலங்கையில் 'இயலுமை' புழக்கத்தில்தானே இருக்கு. அதையே போடுங்கோ.

இராமலிங்கம்: 'இயல்' தன்மையைக் குறிப்பது. இதற்கு வேர் முடிதலைக் குறிக்கும் 'ஒல்'. வள்ளுவர் "ஒல்லும் வகையான்" என்றது வேறென்ன? நல்+மை நன்மையானால் ஒல்+மை 'ஒன்மை'.

கார்த்திக்: ஐயா, பிள்ளைகள் அதை 'ஒண்மை' என்று வாசித்து அறிவு என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லும் குறளிலேயே இருக்கிறது! எனக்கு ஒரு சந்தேகம். 1990இல் வந்த மனித வளர்ச்சிக் குறியீடு வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்துவிட்டதே. சென் சொல்வதும் அதுதானே?

பாத்திமா: பாதிதான். குறியீடு நாட்டின் சராசரியைச் சொல்லும், அதுவும் எட்டியதை மட்டும். நோன்பிருப்பவரும் பட்டினி கிடப்பவரும் வயிற்றுக்குள் ஒன்றுதான். ஆனால் முன்னவர் நினைத்தால் சாப்பிடலாம். அந்த 'லாம்' தான் சென் கேட்பது.

வருமானம் எங்கே கோட்டைவிடுகிறது என்பதற்குப் பிரிட்டனில் ஆய்வாளர் வீப்கே குக்லிஸ் போட்ட கணக்கைச் சேருங்கள். எல்லோர் வருமானத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதில் 60 சதவீதம்தான் வறுமைக் கோடு. மொத்த மக்களில் 17.9 சதவீதம் பேர் அதற்குக் கீழே. உடற்குறை உள்ள ஒருவர் இருக்கும் குடும்பங்களை மட்டும் எடுத்தால் 23.1. இந்த வித்தியாசம் பெரும்பாலும் சம்பாதிக்க முடியாததால் வருவது, வருமானக் கணக்கே பிடித்துவிடும். ஆனால் அதே பவுண்டு அந்த வீட்டில் துணையாள், கருவி, போக்குவரத்து என்று போய்விடுகிறது. அதற்கு எவ்வளவு கூடுதலாகத் தேவை என்று சேர்த்துப் பார்த்தால் 47.4. ஏறக்குறைய பாதிப் பேர்! பணத்தை வாழ்க்கையாக மாற்றும்போது நேரும் இந்த இழப்பு எந்தச் சம்பளச் சீட்டிலும் தெரியாது.

தேவி: தயவுசெய்து 'மாற்றுத்திறனாளி' என்றே எழுதுங்கள். 'இயலாமை' எல்லாம் வேண்டாம்.

மீனாட்சி: தேவி, கேள்வி அதுவல்ல...

பாத்திமா: ஆனாலும் நல்ல இடத்தில் கை வைத்தார். 'இயலுமை' என்றதும் 'இயலாமை' எதிரே வந்து நிற்கும், குறை அந்த ஆளின் உடம்பில் என்றாகிவிடும். சக்கர நாற்காலி இருந்தும் பேருந்தின் படி உயரமாக இருந்தால் அவரால் வேலைக்குப் போக முடியாது. படியும் கணக்கில் சேர்த்தி. என் வாக்கு 'இயல்வாய்ப்பு'.

சிவநேசன்: 'வாய்ப்பு' என்றால் வேலைவாய்ப்பு அலுவலகம்தான் ஞாபகம் வரும்!

இராமலிங்கம்: ஒட்டுச் சொற்களாகவே கட்டுகிறீர்கள். 'ஒன்மை'க்கு என்ன குறை?

கார்த்திக்: படித்தால் புரியாது என்பதைத் தவிர ஒன்றுமில்லை ஐயா. நான் 'இயலுமை' பக்கம்.

மீனாட்சி: சரி, 'இயலுமை' போகிறது. முதலில் வரும் இடத்தில் பேருந்துப் படி எடுத்துக்காட்டும் சேர்கிறது. பாத்திமாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன். அடுத்து, பணம் எந்த அளவு வாழ்க்கையாக மாறுகிறது என்பதைக் குறிக்க 'மாற்றுவீதம்' போடலாமா?

சிவநேசன்: ஐயோ, எங்கட ஊரில் அது டொலர் விலை.

இராமலிங்கம்: 'வீதம்' தமிழே இல்லை. விரிவாக நாளை எழுதுகிறேன்.