புதுப்பிப்பு: இரவுத் தெருப் படம் ஓவியமானது, வெள்ளைத் திட்டும் போனது

நான் கேட்டிருந்தது: "இரவுத் தெருப் படத்தை ஒளிரும் ஓவியமாக்கினால் விளக்குகள் வெள்ளைத் திட்டாகின்றன, இருட்டில் புழு நெளிகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. படம் முடிந்துவிட்டது.

கைகொடுத்தது, ஒரே ரா கோப்பை இரண்டு முறை டெவலப் செய்யச் சொன்னவரின் யோசனை. ஒன்றை 2 ஸ்டாப் குறைத்தேன். விளக்கு விளிம்பில் மஞ்சள் திரும்ப வந்தது. இன்னொன்றை 1 ஸ்டாப் கூட்டி, இருட்டில் இருந்த நாய்ஸை நீக்கினேன். புழுவுக்குக் காரணமே அதுதான்: அந்தப் புள்ளிகளையும் GIMP-இன் Oilify ஓவிய ஃபில்டர் தூரிகைத் தீற்றலாக்கிவிடுகிறது. இரண்டையும் மென்மையான மாஸ்க்கில் சேர்த்த பிறகே ஃபில்டர் போட்டேன்.

"நிழலை முழுக்கத் தூக்குங்கள்" என்றவர் சொன்னது பாதி சரி. சுவர் தெரிந்தது, ஆனால் இரவு மாலையாகிவிட்டது. கதவோரம் மட்டும் தூக்கி, மற்றதைக் கருநீலமாக விட்டேன். ட்ரைபாட் பற்றிச் சொன்னவருக்கு: இது ஏற்கெனவே எடுத்த படம், அடுத்த முறை பார்க்கிறேன்.

அப்புறம் ஒளிர்வு. விளக்குகளை மட்டும் கருப்புப் பின்னணியில் தனி லேயராக்கி, Gaussian Blur கொடுத்து, Screen முறையில் வைத்தேன். எதிர்பாராதது இங்கேதான்: விளக்கின் நடு வெள்ளையாக இருந்ததால் பரவிய ஒளியும் வெளிறியே வந்தது. மங்கலாக்கும் முன் விளிம்பு மஞ்சளால் நடுவை நிரப்பினேன். ஈரச் சாலைவரை பொன்னிறம் படர்ந்தது.

வானத்தில் மட்டும் ஒளி படிப்படியாக வளையம் கட்டியது. 16 பிட்டுக்கு மாற்றியதில் குறைந்தது, முழுதும் போகவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.