இழை: ஆலை ஓடாத காலத்துக்கும் ஏறும் வட்டிக்கு என்ன சொல்?

கயல், ஜூரோங் வெஸ்ட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தில் தமிழ் மேற்பார்வையாளர்களுக்காக ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதுகிறேன். ஆலை தாமதமாக ஓடத் தொடங்கினால் திட்டத்தின் நிகர இன்றைய மதிப்பு, அதாவது வருங்கால வரவையும் செலவையும் இன்றைய பணமாக மாற்றிக் கழித்தால் மிஞ்சுவது, எப்படிக் குறைகிறது என்பதுதான் பாடம். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று கமிஷனிங், அதாவது கட்டிய ஆலையைச் சோதித்து ஓடவைப்பது. இன்னொன்று, எல்லாரும் ஐ.டி.சி. என்று சொல்வது. அதற்குக் 'கட்டுமானக் கால வட்டி' என்று எழுதினேன். படித்த ஃபோர்மேன் ஒருவர், "கட்டி முடிச்சாச்சே, அப்புறம் எதுக்கு வட்டி?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரிந்தது, ஆனால் சொல் எனக்கு எதிராகவே நின்றது.

முத்து, உட்லண்ட்ஸ்

கட்டுமானக் கால வட்டி நல்ல சொல்தானே, எல்லாருக்கும் புரியும். பாடமும் சுலபம். தாமதத்தால் வட்டி கூடுகிறது, அதைத் திட்டச் செலவோடு கூட்டுங்கள், நிகர இன்றைய மதிப்பிலிருந்து அவ்வளவையும் கழியுங்கள். முடிந்தது.

ராஜா, பொங்கோல்

இது என் கதை! கட்டிக்கொண்டிருக்கும் கொண்டோ ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வங்கி கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கிறது, எனக்கு வட்டி ஏறுகிறது. இந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்கு வாடகையும் கட்டுகிறேன். குடியேறுவதற்கான தற்காலிக அனுமதியான டி.ஓ.பி. தள்ளிப்போனதும் இரண்டும் சேர்ந்து உதைக்கிறது. இதற்கு ஒரு சொல் கண்டுபிடித்தால் டெவலப்பருக்கு எழுதும் கடிதத்தில் போட்டுவிடுவேன்.

செல்வி, கிளமென்டி

தம்பி ராஜா, உங்கள் கடிதத்துக்கு ஒப்பந்தத்தைப் பாருங்கள், கலைச்சொல் உதவாது. ஆனால் உங்கள் உதாரணம் பொருத்தமானதுதான். வட்டி ஒரு பக்கம், வரவேண்டிய பயன் வராதது இன்னொரு பக்கம். இரண்டும் வேறு வேறு.

முத்து சொன்னதில் பாதிதான் சரி. திட்ட நிதியில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 மில்லியன் வெள்ளி ஆலை. இன்று 50, ஒரு வருடம் கழித்து 50 செலவு. இரண்டாம் வருட முடிவில் ஓடத் தொடங்கி, அதன்பின் வருடத்துக்கு 20 மில்லியன் வீதம் பத்து வருடம் நிகர வரவு. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் வருடத்துக்கு 10%. வரவின் இன்றைய மதிப்பு 101.6, செலவுடையது 95.5. நிகரம் சுமார் 6.1 மில்லியன். சரி, லாபத் திட்டம்.

இப்போது ஒரு வருடம் தாமதம். செலவு எப்போதோ போய்விட்டது, 95.5 அப்படியே நிற்கும். வரவு முழுதும் ஒரு வருடம் தள்ளிப்போய் 92.3 ஆகிறது. நிகரம் மைனஸ் 3.1. வட்டி என்ற வரியே இன்னும் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆலையின் பொருளை வாங்குபவரோடு உள்ள ஒப்பந்தம் குறிப்பிட்ட தேதியில் முடிவதாக இருந்தால் இன்னும் மோசம். தாமதமான வருடத்தைக் கடைசியில் ஈடுகட்ட முடியாது, ஒன்பது வருட வரவுதான். நிகரம் மைனஸ் 8.9.

முத்து

அக்கா, அப்போ வட்டியை எங்கே வைப்பது? 60% கடன், 6% வட்டி என்றால் அதுவும் நிஜப் பணம்தானே?

செல்வி

நிஜப் பணம்தான். முதல் வருடம் 30 மில்லியன் கடனுக்கு 1.8 வட்டி. இரண்டாம் வருடம் மிச்ச 30ம், ஏறிய வட்டியும் சேர்ந்து 3.7. தாமத வருடத்தில் 3.9. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டும்போது கடன் துண்டு துண்டாக வருகிறது. தாமத வருடத்திலோ முழுக் கடனும் வட்டிமேல் வட்டியும் நிற்கின்றன, வருமானமோ சைபர்.

ஆனால் அந்த 10% விகிதத்தில் கடன் கொடுத்தவருக்குத் தரவேண்டியதும் பங்குதாரருக்குத் தரவேண்டியதும் கலந்தே இருக்கின்றன. காத்திருப்பதற்கான விலையைத் தள்ளுபடி ஏற்கெனவே பிடித்துவிட்டது. மறுபடி 9.4 மில்லியன் வட்டியைச் செலவில் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு தடவை கழித்ததாகும். பங்குதாரர் கையில் மிஞ்சுவதை மட்டும் அவர்களுடைய விகிதத்தில் தள்ளுபடி செய்யும்போதுதான், பெருத்த கடன், பெருத்த தவணை என்று வட்டி உள்ளே வரும்.

உங்கள் எக்செல் கோப்பைச் சோதிக்க ஒரு வழி. வருமான வரியை ஒதுக்கிவிட்டு, தள்ளுபடி விகிதத்தைத் தொடாமல், கடன் பங்கை 60இலிருந்து சைபருக்கு மாற்றுங்கள். திட்ட மதிப்பு அசைந்தால் எங்கோ வட்டி கசிந்திருக்கிறது.

இளங்கோவன், அங் மோ கியோ

கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது, சொல்லுக்கு வருகிறேன். ஃபோர்மேன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2002இல் வேலை தொடங்கியது. 2011இல் போராட்டம் வந்தபோது முதல் உலை பெரும்பாலும் கட்டி முடிந்திருந்தது. வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31இல்தான். அந்தக் கடைசி வருடங்களைக் 'கட்டுமானக் காலம்' என்றால் யாருக்கும் ஒட்டாது. கட்டுவதைவிட ஈட்டாததுதான் இதன் அடையாளம். ஆகவே 'ஈட்டுமுன் வட்டி'.

செல்வி

ஐயா, அழகாக இருக்கிறது, ஆனால் ஈட்டுக்கடன் என்று அடமானக் கடனுக்குச் சொல்கிறோம். வங்கியில் ஈட்டுமுன் வட்டி என்றால் அடமானப் பத்திரத்தைத் தேடுவார்கள்.

இளங்கோவன்

உண்மை. 'வருவாய்முன் வட்டி'?

முத்து

கணக்காளர் என்ன சொல்வார் என்றும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க் கணக்கியல் தரநிலையான எஃப்.ஆர்.எஸ். 23 விதிப்படி, சொத்து பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் தயாரானதும் வட்டியைச் சொத்தின் அடக்கவிலையில், அதாவது முதலில், ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் வருவது அந்த வருடச் செலவு. வேலை நீண்ட காலம் நின்றுபோனாலும் அப்படித்தான். ஆக 'முதலேற்றிய வட்டி' என்று தனியாக ஒரு சொல்லும் வேண்டும். இந்தத் தடவை நான் சரிதானே அக்கா?

செல்வி

சரிதான். கூடவே ஒன்று எழுதுங்கள் கயல்: முதலில் ஏற்றினாலும் செலவில் எழுதினாலும் வங்கிக்குப் போகும் பணம் அதேதான். வருமான வரியால் வரும் வித்தியாசம் தவிர, மதிப்பு மாறாது.

கயல்

நன்றி. வருவாய்முன் வட்டி, முதலேற்றிய வட்டி இரண்டையும் போடுகிறேன். கமிஷனிங்குக்கு? 'ஆணையிடல்' என்றால் அரசாங்க உத்தரவு மாதிரி கேட்கிறது.

இளங்கோவன்

'இயக்கிவைப்பு'. தாமதம் வந்தால் இயக்கிவைப்புத் தாமதம்.

ராஜா

அமைச்சர் வந்து பட்டனை அழுத்துகிற மாதிரி இருக்கு ஐயா.

செல்வி

ராஜா கிண்டல் செய்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. அது ஒரு நாள் வேலை இல்லை. குழாய்களை அழுத்தச் சோதனை செய்து, கழுவி, நீராவி ஊதி, மூலப்பொருளை உள்ளே விட்டு, தரமான சரக்கு வந்து, திறன் சோதனையில் தேறும்வரை நீளும். நான் பார்த்த தாமதங்களில் பல இந்த இடைவெளியில்தான். மாத அறிக்கையில் 'பணி 98% முடிந்தது' என்று இருக்கும், அடுத்த மூன்று மாதமும் அதே எண்ணோடு நகரும். மிச்ச இரண்டு சதவீதம் முடியாமல் ஒரு வெள்ளி வருமானமும் வராது. 'வைப்பு' என்பது இந்த நீளத்தைக் காட்டவில்லை.

இளங்கோவன்

'ஓட்டமேற்றம்' என்றால்? யோசியுங்கள், நானும் யோசிக்கிறேன்.

கயல்

தொழிற்சாலையில் சொல்லிப் பார்க்கிறேன். அதுவரை குறிப்பில் 'கமிஷனிங்' என்றே விடுகிறேன், அதுதான் அவர்கள் வாயில் வருகிற சொல். செல்வி அக்கா, ஒரு கேள்வி பாக்கி: ஒப்பந்தக்காரர் தரும் தாமத இழப்பீட்டை வரவில் காட்டுவதா, செலவைக் குறைத்துக் காட்டுவதா?

செல்வி

மதிப்புக்கு எந்த நாளில் கைக்கு வருகிறது என்பதுதான் முக்கியம், எந்தப் பத்தியில் எழுதுகிறீர்கள் என்பது இல்லை. பெரும்பாலும் அதற்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கும், அதைத் தாண்டிய தாமதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. வரம்பை அனுப்புங்கள், கணக்கில் ஏற்றிப் பார்க்கலாம்.