லேபிளை உரிச்சா அடியில கறுப்பு, சுத்தி ஊதா: வினோகிராட்ஸ்கி பாட்டில் வச்சவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

கண்மாய்க்கரை
பொண்ணோட ப்ராஜெக்ட்டுக்கு, சேத்துல இருக்குற பாக்டீரியா கலர் கலரா அடுக்கா வளர்றதப் பாக்க வச்சது. எப்படிப் போடுறதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், கண்மாய்ச் சேறு, கிழிச்ச பேப்பர், அவிச்ச மஞ்சக்கரு, பொடிச்ச முட்டை ஓடு, மேல நாலு விரக்கடை தண்ணி, மூடி லூசா, ஜன்னலோரம். ரெண்டாவது வாரமே கீழ கருத்துப்போச்சு. ஏழாவது வாரம் நடுவுல திராட்சை ஜூஸ் சிந்தின மாதிரி ஊதா. தேதி எழுதி ஒட்டுன லேபிள் பாதி கிளம்பியிருந்துச்சு, உரிச்சேன், அதுக்கு அடியில மட்டும் சதுரமா கன்னங்கரேல்னு இருக்கு, ஓரம் பிளேடால வெட்டுன மாதிரி. ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம். அதை அப்படியே விட்டுட்டோம், மூணு வாரத்துல சதுரம் ரொம்பிடுச்சு. ஆனா ஓரத்துலேர்ந்து வரல, நடுவுலயே பொட்டுப் பொட்டா வந்துச்சு. அங்க ஏற்கனவே இருந்துச்சா, இல்ல எங்கிருந்தாவது வந்துச்சா? அதான் மண்டையக் குடையுது.

சுரேஷ்_பிஎஸ்சி
வெளிச்சம் பட்டா ஒளிச்சேர்க்கை நடந்து ஆக்சிஜன் வரும், அந்த ஆக்சிஜன்லதான் ஊதா வளருது, லேபிள் மறைச்சதுனால அங்க ஆக்சிஜன் இல்ல. நான் ஒரு பாட்டில முழுசா ஃபாயில் சுத்தி வச்சேன், ரெண்டு மாசம் கழிச்சுப் பிரிச்சா மேலேர்ந்து கீழ வரைக்கும் கறுப்பும் சாம்பலும்தான், ஒரு துளி கலர் இல்ல.

பழைய_லேப்காரர்
சுரேஷ் தம்பி, ஃபாயில் விஷயம் சரி, ஆக்சிஜன் விஷயம் நேர் தலைகீழ். அந்த ஊதா தண்ணியப் பிரிக்கிறதில்ல, கீழ கறுப்புலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடத்தான் பிரிக்குது, அதனால ஆக்சிஜனே விடாது, கந்தகத்தத்தான் உடம்புக்குள்ள மணிமணியா சேத்து வைக்கும். ஆக்சிஜன் மேல தண்ணியிலேர்ந்து இறங்கத்தான் பாக்கும், ஆனா மேல இருக்குற கூட்டமே அதைத் தின்னு தீத்துடும், சேத்துக்குள்ள சில மில்லிமீட்டர்தான் போகும். ஊதாவுக்கு வெளிச்சமும் வேணும் சல்ஃபைடும் வேணும், ரெண்டும் சேந்து கிடைக்குற இடம் கண்ணாடியோரம் மட்டும்தான். நடு பாட்டில்ல ஒரு குச்சி விட்டுப் பாருங்க, உள்ள கறுப்புதான் இருக்கும்.

கண்மாய்க்கரை, உங்க கேள்விக்கு நான் பாத்தத சொல்றேன். ஒரு தடவ அந்த ஊதாவ டிராப்பர்ல உறிஞ்சி மைக்ராஸ்கோப்ல வச்சு வெளிச்சத்த ஒரு சின்னப் புள்ளியாக் குறுக்கி விட்டேன். நீந்திக்கிட்டே இருட்டு ஓரத்துக்கு வர்றதுங்க டக்குனு பின்வாங்கி வெளிச்சத்துக்குள்ளயே திரும்புது, கொஞ்ச நேரத்துல புள்ளி ரொம்பிப் போச்சு. ஜெர்மன் விஞ்ஞானி எங்கல்மான் 1883லயே இதைத்தான் எழுதி வச்சார். அதனால நீந்தி வந்திருக்கலாம். ஆனா பொட்டுப் பொட்டா வந்துச்சுங்கறீங்களே, அது அங்கயே நாலஞ்சு கெடந்து பெருகுன மாதிரியும் இருக்கு. பாத்த மட்டும் வச்சு ரெண்டுல எதுன்னு சொல்ல முடியாது.

மீன்தொட்டி_மாலா
எங்க தொட்டியிலயும் மணலுக்கு அடியில கறுப்பா வருது, கிளறுனா அழுகுன முட்டை வாடை, போன மாசம் கிளறுன அன்னைக்கே ரெண்டு மீன் செத்துப்போச்சு. நானும் லேபிள் ஒட்டுனா ஊதா போயிடுமா?

பழைய_லேப்காரர்
அம்மா, உங்களுக்கு ஊதா இல்ல, கறுப்பு. கறுப்புக்கு வெளிச்சமே தேவையில்ல, லேபிள் ஒட்டி பிரயோஜனமில்ல. அடில தீனி அழுகுறத கொறைங்க.

உப்பளத்து_ஊர்க்காரன்
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். முட்டைய அளவா போடுங்க. நான் ஒரு லிட்டர் பாட்டில்ல ரெண்டு முழு மஞ்சக்கரு போட்டேன், மூடிய வேற இறுக்கிட்டேன், நாலாவது நாளே பாட்டில் உப்பி சேறு குறுக்கால பிளந்து மேல எகிறிடுச்சு, மூணு மாசம் ஆகியும் ஒரே கறுப்பு, ஊதாவே வரல. சல்ஃபைடு அளவுக்கு மீறிப் போச்சுன்னா ஊதாவும் தாங்காது போல. அடுத்த தடவ கழிமுகத்துச் சேறு எடுத்தேன், கடல் தண்ணியில சல்ஃபேட் தானாவே இருக்கு, கந்தகத்துக்குன்னு முட்டையே வேண்டாம், பேப்பர் மட்டும் போட்டேன், அழகா வந்துச்சு. அப்புறம் பாட்டில அப்பப்ப திருப்பி வைக்காதீங்க, ஒரே பக்கம் வெளிச்சம் படட்டும். உச்சி வெயில்ல வைக்காதீங்க, சேறு சூடாகி எல்லாம் கெட்டுப்போகும். பேப்பர நல்லா ஊறவச்சு பிசைங்க, இல்லன்னா காத்து மாட்டிக்கும். எனக்கு ஊதாவுக்குக் கீழ ஒரு மங்கலான ஆலிவ் பச்சை கோடு வந்துச்சு, மேல இருக்குற பாசி பச்சை வேற, இது வேற.

சுரேஷ்_பிஎஸ்சி
அந்தக் கீழ்ப் பச்சை எனக்கு ஒரு பாட்டில்லயும் வரல. லேப்காரர் அண்ணா, அது ஏன் ஊதாவுக்கு மேல வராம கீழ வருது? வெளிச்சம்தான் பக்கவாட்டுல எல்லா உயரத்துலயும் ஒண்ணாத்தானே படுது.

பழைய_லேப்காரர்
நல்ல கேள்வி. அதான் இங்க வெளிச்சம் காரணமில்லன்னு சொல்றது. பச்சை ஊதாவ விட அதிக சல்ஃபைட தாங்கும், அதனால கறுப்புக்குப் பக்கத்துல போய் உக்காரும். உங்களுக்கு ஏன் வரலன்னா, எடுத்த சேத்துலயே அது இல்லாம இருந்திருக்கலாம்.

கண்மாய்க்கரை
ஊதா மேல இன்னொரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கேன், நட்சத்திரமா வெட்டி. இந்தத் தடவ உரிச்சதும் தினமும் போட்டோ எடுக்கப்போறா பொண்ணு, பொட்டு மொதல்ல நடுவுல வருதா முனையில வருதான்னு பாக்க.