டிராகன்ஸ் டோக்மா 2: கண்டுபிடித்த இடத்துக்கு ஏன் தாவ விடுகிறார்கள் இல்லை?

கொட்டாஞ்சேனைக்காரன்
விலை குறைந்த பிறகுதான் டிராகன்ஸ் டோக்மா 2 வாங்கினேன். 15 மணித்தியாலம் விளையாடியாகிவிட்டது. ஒரு இடத்தைக் கண்டுபிடித்தால் பிறகு மேப்பில் அழுத்திப் போகலாம் என்பதுதானே எல்லா ஓப்பன் வேர்ல்ட் கேமிலும் வழக்கம்? இதில் மட்டும் ஏன் இந்த ஃபாஸ்ட் ட்ரவலுக்கு இவ்வளவு கஞ்சத்தனம்? நேரத்தை இழுக்கத்தானா?

மெஷின்
இழுக்கத்தான் மச்சான், இதில் என்ன சந்தேகம்? கேம் வெளிவந்த அன்றே, தாவிப் போய் இறங்க நடுகிற போர்ட்கிரிஸ்டலைத் தனியாகக் காசுக்குப் போட்டிருந்தார்கள். முதலில் கஷ்டத்தை உண்டாக்கு, பிறகு மருந்தை விற்று விடு. இன்னொன்று லோடிங். தாவ விடாவிட்டால் லோடிங் திரையும் குறையும்.

பாமன்கடையான்
பாரம் கூடினால் தாவ விடாது. நான் ஸ்கைரிம்மில் இதைப் போட்டுத்தான் தப்பித்தேன்:

```
player.modav carryweight 1000
```

பழைய ஸ்ட்ரைடர்
பாமன்கடைத் தம்பி, அவர் கேட்டது வேறு கேம்.

மெஷின் சொன்னதில் பாதி சரி. கிரிஸ்டலை விற்றதும் உண்மை, அதற்கு நன்றாக வாங்கிக் கட்டியதும் உண்மை. ஆனால் அந்தக் கடையால் வந்த கட்டுப்பாடு அல்ல இது. 2012இல் வந்த முதல் பாகத்திலேயே இதே ஏற்பாடுதான்: தாவுவதற்கு ஒரு ஃபெரிஸ்டோன் செலவாகும், போய் இறங்க ஒரு போர்ட்கிரிஸ்டல் இருக்க வேண்டும். பிறகு 2016இல் பிசிக்கு வந்தபோது தீராத ஃபெரிஸ்டோன் ஒன்றைத் தொடக்கத்திலேயே பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இனி எல்லாம் இலவசம் என்று நினைத்தேன். ஆனால் அப்போதும் கிரிஸ்டலை எங்கே நடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல் தீராவிட்டாலும் இறங்கும் இடங்கள் கொஞ்சம்தானே.

இரண்டாம் பாகத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அடி வாங்க வாங்க உங்கள் உயிர்க்கோட்டின் உச்சமே குறைந்துகொண்டு போகும். மந்திரத்தால் அதை நிமிர்த்த முடியாது. கூடாரம் அடித்தோ சத்திரத்திலோ தூங்கினால்தான் திரும்பும். கூடாரச் சாமானுக்குப் பாரம் உண்டு. இரவில் வேறு பூதங்கள் வெளியே வரும். "இன்னும் போகலாமா, இங்கேயே படுத்துவிடலாமா" என்று யோசிக்க வைப்பதுதான் அந்த கேமின் உயிர். மேப்பை அழுத்திச் சத்திரத்துக்கு ஓட விட்டால் இந்த நான்கும் ஒரே நொடியில் செத்துவிடும். அதனால்தான் கடையில் ஒரு கல் 10,000 தங்கம்.

மெஷின்
செத்தால் சாகட்டும் அண்ணா. வேண்டாதவன் தாவாமல் நடக்கலாமே? பொத்தானை வைத்துவிட்டு எங்களிடம் விட்டால் என்ன?

பழைய ஸ்ட்ரைடர்
பொத்தான் இருந்தால் கேமையே அதை நம்பித்தான் கட்டுவார்கள், சிக்கல் அங்கேதான். ஸ்கைரிம் வரிசையிலேயே முன்பு வந்த ஒப்லிவியனில் (2006) பெரிய நகரங்களுக்கு முதல் நாளே தாவலாம், கால் வைத்திருக்கவே தேவையில்லை. அதனால் வடக்கில் ஒருத்தரிடம் வேலை வாங்கி, தெற்கில் முடித்து, மறுபடி வடக்கில் கூலி வாங்கு என்று கூசாமல் எழுத முடிந்தது. நீங்கள் மட்டும் வைராக்கியத்தோடு நடந்தால் அந்தக் கதை தாங்காது.

அதற்கு முந்திய மொரோவிண்டில் (2002) மேப்பை அழுத்துகிற வேலையே கிடையாது. சில்ட் ஸ்ட்ரைடர் என்கிற பெரிய பூச்சி சில ஊர்களுக்குப் போகும், படகு சில துறைகளுக்கு, மந்திரவாதிகள் சங்கத்தில் வேறு சில ஊர்களுக்கு. எங்கே ஏறி எங்கே மாறுவது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். வழி கேட்டால் ஆட்களும் சொல்வார்கள்: பாலம் தாண்டி, வடக்கே திரும்பி, கல்லைக் கண்டால் இடது பக்கம் என்று. ஸ்கைரிம்மில் பொத்தானை விட்டு நடக்கப் பார்த்தால் அம்புக்குறிதான் வழி சொல்லும், ஆட்கள் சொல்ல மாட்டார்கள். கட்டுப்பாட்டைப் பிறகு கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது.

இரவுப்பணி
நான் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. விளையாட எனக்குக் கிடைப்பது 40 நிமிடம், அதுவும் சாப்பிட்டுக்கொண்டே. போன கிழமை மாட்டு வண்டியில் ஏறி, கண் அசந்தால் நேரே ஊருக்குப் போய்விடலாம் என்று தூங்கினேன். பாதி வழியில் கிரிஃபின் வந்து இறங்கி வண்டியை நொறுக்கிவிட்டது. மிச்சத் தூரம் நடை. அன்றைய 40 நிமிடமும் அதற்கே போய்விட்டது. உயிர்க்கோடு, கூடாரம் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது அண்ணா, நாளைக்கு நான்கு மணித்தியாலம் விளையாடுகிறவருக்கு.

கொட்டாஞ்சேனைக்காரன்
அக்கா சொல்வதுதான் என் நிலையும். எனக்கு கிரிஃபின் கூட வரவில்லை, வெறும் கோப்ளின். அதே பாலம், அதே நான்கு கோப்ளின், மூன்றாவது தடவை.

பழைய ஸ்ட்ரைடர்
அந்த மூன்றாவது கோப்ளினுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் புதிதாக ஒன்றும் இல்லையென்றால் கட்டுப்பாடு வெறும் தண்டனைதான். டார்க் சோல்ஸில் (2011) இதை ஒரே கேமுக்குள் பார்க்கலாம். முதல் பாதியில் தாவவே முடியாது, ஆனாலும் யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. ஏனென்றால் மேப் வளையம் வளையமாகச் சுற்றி வரும். உயரத்தில் ஒரு லிஃப்டில் ஏறிக் கீழே இறங்கினால் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள், "அட, இங்கேயா வந்து சேர்ந்தேன்!" என்று. அனோர் லொண்டோ என்கிற நகரில் ஒரு பெரிய கிண்ணம் கிடைத்த பிறகுதான் தாவல் திறக்கும், அதுவும் இளைப்பாறும் நெருப்புகளில் சிலவற்றுக்கு மட்டும். அதற்குப் பிறகு வரும் இடங்கள் கைவிரல்கள் மாதிரி, நுனியில் முட்டுச்சந்து. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அங்கே தாவல் இல்லாவிட்டால் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

கடல்வழி
இதில் நானே கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்கிறேன். வெள்ளவத்தையில் அறையில் இருந்து நானும் ஒரு நண்பனும் சின்ன கேம் ஒன்று செய்கிறோம். ஒரு தீவு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1,500 மீற்றர், நடுவில் சதுப்பு. ஆள் ஓடுவது நொடிக்கு 5 மீற்றர். ஆக ஒரு தடவை கடக்க 5 நிமிடம்.

முதல் தடவை ஸ்கைரிம் மாதிரி வைத்தோம்: பக்கத்தில் போனால் குறி விழும், பிறகு எங்கிருந்தும் அங்கே தாவலாம். ஆறு நண்பர்களுக்குக் கொடுத்தோம். ஒருவர்கூடச் சதுப்பை இரண்டாம் தடவை மிதிக்கவில்லை. அங்கே மாரிக்கும் கோடைக்கும் வேறு வேறு பாதை திறக்கும்படி நாங்கள் ஒரு மாதம் பாடுபட்டது வீண்.

கோபத்தில் தாவலை முழுக்க எடுத்துவிட்டோம். ஒரு வேலைக்கு இரண்டு தடவை போய் வர வேண்டியிருந்தது. நான்கு கடப்பு, 20 நிமிடம், அதில் புதிதாக இருந்தது முதல் 5 தான். ஆள் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று 2 நொடிக்கொரு தடவை எழுதி வைத்தோம். மூன்றாவது கடப்பில் கேமரா அசையவே இல்லை. நேர்கோட்டில் ஓட்டம். ஒருவர் அந்த நேரத்தில் ஃபோன் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

இப்போது இருப்பது நான்கு இறங்குதுறை. நடந்து போய்த் துறையைத் தொட்டால் அது திறக்கும். ஒரு துறையில் நின்றால்தான் இன்னொரு துறைக்குப் போகலாம். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரயிலில் வருகிற மாதிரி, இரண்டு பக்கமும் கொஞ்சம் நடக்க வேண்டும். ஆப்பில் ஓட்டோ கூப்பிடுகிற மாதிரி நிற்கிற இடத்திலிருந்தே போக முடியாது. அதோடு வேலை கொடுக்கும் ஆட்களை எல்லாம் துறையிலிருந்து 1 நிமிடத்துக்குள் நகர்த்தினோம். இந்த இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது.

பழைய ஸ்ட்ரைடர்
விட்சர் 3 இதே வழிதான். கைகாட்டி மரத்தில் நின்றால்தான் இன்னொரு கைகாட்டிக்குப் போகலாம். குகைக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். போய்ச் சேரும் இடத்தைக் குறைப்பதைவிடப் புறப்படும் இடத்தைக் குறைப்பது மென்மையான கட்டுப்பாடு. ஆபத்திலிருந்து நழுவ முடியாது, ஆனால் ஊர் திரும்பும் தூரம் மிச்சம்.

மெஷின்
அப்படியென்றால் ப்ரெத் ஆஃப் த வைல்ட்? நிற்கிற இடத்திலிருந்தே தாவலாம். கோபுரங்கள், அதோடு 120 சன்னிதிகள், எல்லாம் இறங்கும் இடம். ஒரு கல்லும் செலவில்லை. அதை யாராவது செத்த உலகம் என்பார்களா? மழை, குளிர், வழுக்கும் பாறை எல்லாம் அதிலும் உண்டு.

பழைய ஸ்ட்ரைடர்
சரியான இடத்தில் பிடித்துவிட்டாய். அதில் கோபுரத்துக்குத் தாவுவது பயணத்தின் முடிவு அல்ல, தொடக்கம். உச்சியில் இறங்கி, சுற்றிப் பார்த்து, கண்ணில் பட்ட இடத்துக்குப் பறந்து இறங்குகிறோம். புதிய சன்னிதி ஒவ்வொன்றுக்கும் கடைசித் துண்டை நடந்தே ஆக வேண்டும், வேலை வாங்கி வந்து கொடுக்கும் கதையும் குறைவு. ஆனால் மழையில் பாதி ஏறி வழுக்கியவுடன் தாவி ஓடியவன் நானும்தான். அந்த ஓட்டையை அவர்கள் அடைக்கவில்லை, அடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்பதில் உன்னோடு சண்டை பிடிக்க என்னிடம் பலமில்லை.

மெஷின்
ஆக, திறமையாகச் செய்தால் கட்டுப்பாடே வேண்டாம். அதைத்தான் நானும் சொன்னேன்.

கடல்வழி
அந்தத் திறமைக்கு எத்தனை பேர், எத்தனை வருடம் வேண்டும் என்று பாருங்கள் அண்ணா. நாங்கள் இரண்டு பேர், நான்கு துறை. அந்த ஆறு பேரில் ஒருவர் இப்போதும் "மேப்பை அழுத்த விடுங்கடா" என்றுதான் எழுதுகிறார். அவரை எப்படித் திருப்திப்படுத்துவது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

இரவுப்பணி
அவருக்கும் இரவு வேலையோ என்று கேட்டுப் பாருங்கள்.

டெத் ஸ்ட்ராண்டிங்கில் தாவலாம், ஆனால் முதுகில் இருக்கும் பொதி கூட வராது. என் மாதிரி ஆளுக்கு அதுவே போதும். பொதி இருக்கும்போது நடக்கிறேன், இல்லாதபோது என்னை வீட்டுக்கு விடுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்
எல்லாம் சரி, என்னிடம் இப்போது ஒரே ஒரு போர்ட்கிரிஸ்டல்தான் இருக்கிறது. அதை எங்கே நடுவது?

பழைய ஸ்ட்ரைடர்
வண்டி போகும் ஊரில் நடாதீர்கள். வெர்ன்வொர்த்தில் ஏற்கெனவே நிரந்தரமாக ஒன்று இருக்கிறது, மெல்வுக்கு வண்டி இருக்கிறது. வண்டி போகாத எல்ஃப்களின் கிராமம் போல, திரும்பத் திரும்பப் போக வேண்டிய, வந்த வழியேதான் திரும்ப வேண்டிய இடத்தில் நடுங்கள். பிறகு வேறு இடம் தேவைப்பட்டால் பிடுங்கி எடுத்துக்கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனைக்காரன்
பிடுங்க அங்கே போக ஒரு கல் வேண்டும், திரும்பி வர இன்னொரு கல். 20,000 தங்கம்.

மெஷின்
இல்லாவிட்டால் நட. பாலத்தில் நான்கு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள்.