இந்தக் கார்பன் சங்கிலிக்குப் பெயர் சரியா, பாருங்களேன்

மகளின் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். எழுத்து மங்கல், அதனால் இங்கேயும் தருகிறேன்:

CH3CH(CH3)CH(C2H5)CH3

ஒரே வரியில் நான்கு கார்பன் தெரிவதால் 2-எத்தில்-3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதிவிட்டாள். விரித்து வரைந்து பார்த்தேன். அடைப்புக்குள் இருக்கும் C2H5 வழியாகப் போனால் ஐந்து கார்பன் சங்கிலி கிடைக்கிறது. அப்படியென்றால் 2,3-டைமெத்தில்பென்டேன், சரிதானே?

அடுத்த கேள்வி C7H16-இன் மாற்றியங்கள் எல்லாவற்றையும் வரையச் சொல்கிறது. விடை 9, அவள் வரைந்தது 10. கூடுதலாக வந்தது 2-எத்தில்பென்டேன் என்று நினைக்கிறேன். அதில் நீளமான சங்கிலிக்கு ஆறு கார்பன், ஆகவே அது ஏற்கெனவே வரைந்த 3-மெத்தில்ஹெக்சேன்தான். (வளைத்து வரைந்ததில் நானும் முதலில் ஏமாந்தேன்.) 3-எத்தில்பென்டேன் மட்டும் தனியாக நிற்கிறது.

அப்புறம் ஒரு சந்தேகம். முதல் சேர்மத்தின் மூன்றாவது கார்பனில் H, மெத்தில், எத்தில், ஐசோபுரொப்பைல் என நான்கும் வேறு வேறு. 3-மெத்தில்ஹெக்சேனிலும் அப்படித்தான். ஒளியியல் மாற்றியங்களையும் எண்ணினால் 11 ஆகிவிடாதா? "எல்லா மாற்றியங்களும்" என்று கேட்டால் தேர்வில் எதை எழுதுவது? வேதியியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.