புதுப்பிப்பு: முதலாளியின் வாராந்தக் கணக்குத் தாள்

முன்பு கேட்டது: "புறக்கோட்டைத் துணிக்கடை. வியாபாரம் நன்றாகப் போகிறது, ஆனால் தாளில் நட்டம் என்று வருகிறதே, ஏன்?"

காரணம் தெரிந்துவிட்டது. கணக்காளர் அண்ணா சொன்னதுதான் சரி: வாங்கிய சரக்கு முழுவதும் அந்த வாரச் செலவில் ஏறியிருந்தது. விற்பனை 4,20,000 ரூபாய், கொள்முதல் 6,00,000, மற்றச் செலவு 55,000. அதனால் 2,35,000 நட்டம். இப்போது விற்ற துணியின் அடக்கவிலையை மட்டும் கழிக்கிறேன். அது விற்பனையில் சுமார் 75 வீதம், 3,15,000. இலாபம் 50,000.

வாடகையை நான்கால் வகுக்கச் சொன்ன தம்பி பாதி சரி. வருடத்துக்கு 52 வாரம், ஆகவே மாத வாடகையை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தேன். சாப்பாட்டுக்கடை அக்கா கொள்முதலையே செலவாக எழுதுகிறாராம். அவருக்குச் சரக்கு அன்றன்றே தீர்ந்துவிடும், எங்களுக்கு மாதக்கணக்கில் கிடக்கும்.

Data தாளில் A நிரலில் திகதி, Bஇல் வகை, Dஇல் தொகை. B1இல் திங்கட்கிழமைத் திகதி போட்டால் அந்த வார விற்பனை வரும்:

```
=SUMIFS(Data!D:D,Data!B:B,"விற்பனை",Data!A:A,">="&B1,Data!A:A,"<"&B1+7)
```

பூச்சியம் வந்தால் திகதி எழுத்தாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதலாளி இந்த எண்களைத் தொலைபேசியிலேயே பார்க்கிறார். அந்த 75 வீதம் மாதக் கடைசியில் சரக்கு எண்ணும்வரை மதிப்பீடுதான். அப்புறம், கடனுக்கு விற்றதை எந்த வாரத்தில் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.