ஸ்லைடில் 12, 16, எழுதும்போது எவ்வளவு?

மெய்ப்பு மேசை:
ஆண்டறிக்கை ஒன்றில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. ஸ்லைடில் சந்தைப் பங்கு முந்தைய ஆண்டு 12%, இந்த ஆண்டு 16%. வரைவில் "4% உயர்ந்தது" என்று இருந்தது. சதவீதப் புள்ளி என்று மாற்றச் சொன்னேன். எழுதியவர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் 4 சரிதான், வேண்டுமானால் கழித்துப் பாருங்கள் என்றார். வரைபடத்தில் வலது கிளிக் செய்து Edit Data திறந்தேன். உள்ளே 12.4, 15.6. ஏறியது 3.2 தான். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ ஸ்லைடே தப்பா?" என்றார். ஸ்லைடிலும் தப்பில்லை, இரண்டையும் ஒழுங்காகத்தான் முழுமையாக்கியிருந்தார்கள். கடைசியில் படத்தில் 12, 16. கீழே "சுமார் 3 சதவீதப் புள்ளி" என்று அச்சுக்குப் போனது. வாசகர் கழித்துப் பார்த்தால் நம்மைத்தானே குறை சொல்வார்?

விற்பனைக்காரன்:
புள்ளி என்றால் யாருக்குப் புரியும்? வளர்ச்சி விகிதமாக எழுதுங்கள். 12 பதினாறானால் 33% வளர்ச்சி. சண்டை முடிந்தது.

கருத்துக்கணிப்பு அக்கா:
எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான். மூன்று பதில்களும் 33%, கூட்டினால் 99. மேலாளர் நேராக ஒன்றை 34 ஆக்கிவிட்டார். மறுநாள் கட்டுரையில் "34 சதவீதத்துடன் முதலிடம்" என்று வந்தது! மூன்றுமே 33.3 தான். இன்றைக்கும் கோபம் வருகிறது.

பழைய வணிகச் செய்தியாளர்:
அக்கா, அது கூட்டல் சிக்கல், இங்கே கேட்டது வித்தியாசத்தைப் பற்றி. விற்பனைக்காரன் தம்பி, வளர்ச்சி விகிதம் எழுதுவது தவறில்லை, ஆனால் 33 தவறு. 3.2-ஐ 12.4-ஆல் வகுத்தால் 26% தான் வரும். முழுமையாக்கிய எண்களிலிருந்து வகுத்தால் பிழை இன்னும் பெரிதாகும். ரெப்போ விகிதத்தில் இந்தக் குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி அதை 6.00-லிருந்து 5.50-ஆகக் குறைத்தது. குறைந்தது அரை சதவீதப் புள்ளி. "0.5% குறைந்தது" என்று எழுதினால், 6-இல் அரை சதவீதம், அதாவது 5.97-க்கு இறங்கியது என்றும் படிக்கலாம். விகிதமாகச் சொன்னால் குறைவு 8 சதவீதத்துக்கும் மேல். அதனால் "6-லிருந்து 5.50 சதவீதமாக" என்று இரண்டு முனையையும் எழுதிவிடுவேன். அப்புறம் யாரும் குழம்ப வழியில்லை. ஸ்லைடு வெறும் படமாக ஒட்டப்பட்டிருந்தால் Edit Data வராது. அப்போது 12 என்பது 11.5 முதல் 12.5-க்குள் எதுவாகவும் இருக்கலாம், 16-ம் அப்படித்தான். வித்தியாசம் 3-க்கும் 5-க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். மூல எண் கைக்கு வரும்வரை "4 புள்ளி" என்று எழுத மாட்டேன்.

விற்பனைக்காரன்:
26 சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 12, 16 பக்கத்தில் 26% என்று போட்டாலும் வாசகருக்கு இடிக்கும்.

மெய்ப்பு மேசை:
அதைத்தான் கேட்கிறேன். படத்திலேயே 12.4, 15.6 என்று போடச் சொன்னேன். தசமம் போட்டால் மற்ற பன்னிரண்டு படங்களிலும் போட வேண்டும் என்று வடிவமைப்பாளர் மறுத்துவிட்டார். இனி இப்படி வந்தால் "எண்கள் முழுமையாக்கப்பட்டவை" என்ற அடிக்குறிப்பு போதுமா, யாராவது அப்படிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?